மாத நியூஸ்லெட்டர் போகிறது, யாரும் படிப்பதில்லை: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மணலியில் ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ், உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, டிஸ்பாட்ச், கணக்கு, ஹெச்.ஆர். எல்லாம் அங்கேயே இருக்கின்றன. விற்பனைப் பிரிவு மட்டும் பாரிமுனையில். முன்னூறு பேருக்குக் கொஞ்சம் மேல். இங்கே மாதம் ஒரு நியூஸ்லெட்டர் கொண்டுவருவது ஆறு வருடமாக என் வேலை. அது படிக்கப்படாமல் போன மாதங்களும் உண்டு, கேன்டீனில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்த மாதங்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்தவை நாலைந்து பழுதுகள்தான். ஒவ்வொன்றையும் அறிகுறியில் தொடங்கி, செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

## அறிகுறி 1: “அப்படி ஒண்ணு வந்துச்சா?” என்று கேட்கிறார்கள்

எழுத்தைத் திருத்துவதற்கு முன்னால், மடல் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். எழுத்தில் குறை என்று நினைத்து இரண்டு மாதம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மெயில் பட்டியலிலேயே இல்லை.

முதல் சோதனை, பட்டியல். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களையும் மெயில் குழுவில் உள்ள பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் இன்னும் இருப்பார், பிரிவு மாறியவர் விடுபட்டிருப்பார். ஒவ்வொரு இதழுக்கு முன்பும் இதைச் செய்யுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

இரண்டாவது சோதனை, தேதி. பட்டியல் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அனுப்பும் நாளைப் பாருங்கள். கணக்குப் பிரிவுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கட்ட 15 கடைசி நாள் என்பதால் ஹெச்.ஆருக்கு அதுவரை மூச்சுவிட நேரமிருக்காது. டிஸ்பாட்சுக்கு மாதத்தின் கடைசி ஐந்து நாள் கண்ணே தெரியாது. இதையெல்லாம் காலண்டரில் அடித்துப் பார்த்தால் எங்களுக்கு மிஞ்சியது 16, 17 தேதிகள்தான். முன்பெல்லாம் 30ஆம் தேதி அனுப்பிக்கொண்டிருந்தோம். மாதத்தை முடித்த கையோடு அனுப்புவது எழுதுகிறவருக்கு வசதி, படிக்கிறவருக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. உங்கள் பிரிவுகளின் நெருக்கடி நாட்களைக் கேட்டு, உங்களுக்கான இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவது சோதனை, தலைப்பு வரி. “மாத மடல் – இதழ் 43” என்று வந்தால் அதைத் திறக்க ஒருவருக்கும் காரணம் இல்லை. உள்ளே இருப்பதில் அதிகம் பேரைத் தொடும் ஒரு விஷயத்தைத் தலைப்பு வரியில் வையுங்கள்: “திங்கள் முதல் ஏ ஷிஃப்ட் பஸ் வேறு ரூட்டில்”. செல்போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் நாளும் பொருளும் முன்னால் வரட்டும்.

நான்காவது சோதனை, ஸ்பாம். வெளி நிறுவனத்தின் மெயில் சேவை வழியாக, கம்பெனி முகவரியைப் போட்டு அனுப்பினால் மடல் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். ஜிமெயிலில் வந்த ஒரு பிரதியைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, Show original என்பதைத் தட்டுங்கள். SPF, DKIM என்ற இரண்டுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஐ.டி. ஆளைக் கூப்பிடுங்கள். டொமைன் அமைப்பில் செய்ய வேண்டிய மாற்றம் அது. தெரியாமல் கை வைத்தால் கம்பெனியின் மற்ற மெயில்களும் நின்றுபோகும்.

ஓர் எச்சரிக்கை: “எத்தனை பேர் திறந்தார்கள்” என்று காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். மடலுக்குள் வைத்த கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. அவுட்லுக் படங்களைத் தடுத்து வைத்தால், படித்தவர்கூடப் படிக்காதவர் ஆகிவிடுவார். ஐபோனின் மெயில் செயலி 2021 முதல் படங்களைத் தானாகவே இறக்கிக்கொள்ள முடிவதால், படிக்காதவர் படித்தவர் ஆகிவிடுவார். இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. அனுப்பிய மூன்றாம் நாள், வெவ்வேறு பிரிவில் பத்துப் பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பஸ் என்னிக்கிலேர்ந்து மாறுது?” “படிச்சீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு “படிச்சேன்” என்றுதான் சொல்வார்கள்.

## அறிகுறி 2: திறக்கிறார்கள், முதல் திரையைத் தாண்டி இறங்குவதில்லை

### முதல் செய்தி யாருக்கானது?

எங்கள் மடல் மூன்று வருடம் நிர்வாக இயக்குநரின் வாழ்த்துச் செய்தியுடன் தொடங்கியது. பெரிய புகைப்படம், நான்கு பத்தி. செல்போனில் கட்டைவிரலால் மூன்று முறை தள்ளினால்தான் அடுத்த செய்தி வரும். அதற்குள் மூடிவிடுவார்கள். அதைக் கடைசிக்கு மாற்ற எனக்குத் தயக்கம் இருந்தது. நேராகப் போய் அவரிடமே என் போனைக் கொடுத்து, “சார், கேன்டீன் மெனு மாறினது எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க” என்றேன். தேடிக் களைத்தவர் அவரே சொன்னார்: “என்னுதை அடியில போடும்மா.” உங்கள் மேலிடத்தில் இப்படி ஒரு பேச்சு தேவைப்பட்டால், வாதம் செய்வதைவிடப் போனைக் கையில் கொடுப்பது சுலபம்.

### செய்தியில் நாள், இடம், ஆள் இருக்கிறதா?

பெரும்பாலான மடல்களில் உண்மையான பழுது இங்கேதான். ஓர் உதாரணத்தை முழுதாகக் காட்டுகிறேன். நிர்வாகப் பிரிவிலிருந்து எனக்கு வந்த செய்தி இது:

> ஊழியர் நலன் சார்ந்த தொடர் முயற்சிகளின் ஒரு பகுதியாக, போக்குவரத்து வழித்தடங்கள் மறுசீரமைக்கப்பட்டுள்ளன. ஊழியர்கள் அனைவரும் இவ்வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இதை அப்படியே போட்டிருந்தேன் என்றால், திங்கட்கிழமை காலை இருட்டில் காசிமேட்டில் சிலர் வராத பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். போனை எடுத்து நிர்வாகப் பிரிவில் கேட்டேன். எந்த பஸ்? எந்த ரூட் எதுவாக மாறியது? ஏன்? யாருடைய ஸ்டாப் போகிறது? அவர்கள் எங்கே ஏறுவது? பஸ் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? ஆறு கேள்விக்கும் பதில் வந்த பிறகு செய்தி இப்படி ஆனது:

> திங்கள் முதல் ஏ ஷிஃப்ட் பஸ் காசிமேட்டில் நிற்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு போன மாதம் பல நாள் பஸ் லேட். அதனால் இனி டி.எச். ரோடு வழியாக வரும். கல்மண்டபம் 4.55, காலடிப்பேட்டை 5.15, தேரடி 5.20. காசிமேட்டில் ஏறியவர்கள் கல்மண்டபத்தில் ஏறலாம். பஸ் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் மெயின் கேட் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். பஸ் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

கடைசி வரி முதல் வடிவத்தில் எங்குமே இல்லை. “லேட் ஆனா பிடிப்பீங்களா?” என்று நானாகக் கேட்டதால் வந்தது. அந்த மாதம் மடலிலேயே அதிகம் பேசப்பட்ட வரியும் அதுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி ஒருவர் கேன்டீனில் என்னை நிறுத்தி, “அக்கா, பஸ் லேட்டானா பிடிக்க மாட்டாங்கன்னு போட்டுக்கீறீங்களே, அது நெசமா?” என்று கேட்டார். அவர் கடைசி வரிவரை படித்திருக்கிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

சோதிக்கும் முறை இதுதான். ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, “இதைப் படித்தவர் நாளைக்கு எதை வேறு மாதிரி செய்வார்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. “படுகிறது”, “படுகிறார்கள்” என்று முடியும் வினைகளைக் கோடிடுங்கள். யார் செய்தார் என்பதை மறைக்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் அவைதான். அந்த இடத்தில் ஆளின் பெயரையோ பிரிவையோ வையுங்கள்.

### வடிவம் கண்ணை உறுத்துகிறதா?

ஏ4 அளவில் இரண்டு நெடுவரிசையாக அமைத்த பிடிஎஃப் செல்போனில் படிக்கவே முடியாது. விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் படிக்கும் பொறுமை வேலை முடிந்து வருகிறவருக்கு இருக்காது. மெயிலின் உடலிலேயே ஒரே நெடுவரிசையாகப் போடுங்கள். எங்கள் மடலில் ஏழு செய்திக்கு மேல் வைப்பதில்லை. மெயிலின் குறிமுறை 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு அடியில் [Message clipped] என்று போட்டுவிடும். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சேர்ந்து அளவு வீங்கும், அதனால் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பார்வைக்கு மோசமாக இருந்தால் மட்டும் ஒரு டிசைனரைக் கூப்பிடுங்கள். மாதாமாதம் வேண்டாம், ஒரு தடவை வார்ப்புரு செய்து வாங்கினால் போதும். செய்தி சரியாகும் முன்னே டிசைனருக்குக் கொடுத்த பணம் எங்களுக்கு வீண்தான் ஆயிற்று.

## அறிகுறி 3: ஆஃபீஸ் படிக்கிறது, ஷாப் ஃப்ளோர் படிப்பதில்லை

கம்பெனி மெயிலே இல்லாதவர்களுக்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட்டை நம்பினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அனுப்பும் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போகும். ஹெச்.ஆர். எண்ணை எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள்? புதிதாகச் சேருகிறவர் ஐடி கார்டு வாங்கும் அன்றே அவர் கையாலேயே சேமிக்க வைப்பது எங்கள் வழக்கம்.

எழுத்து உடைகிறதா? எங்களுக்கு இது நேர்ந்தது. தமிழ்ப் பக்கத்தை வெளியே டிடிபி ஆளிடம் கொடுத்தோம். அவர் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்தார். அச்சில் அழகாக வந்தது. அதே கோப்பிலிருந்து எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டபோது “வணக்கம்” என்ற சொல் இப்படிப் போய்ச் சேர்ந்தது:

```
tzf;fk;
```

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும், அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத போனில் போர்வை விலகிவிடும். டிடிபி ஆளிடம் “யூனிகோடில் கொடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கோப்பு என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம். ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும் என்பதால், மாற்றிய பிறகு ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள்.

மொழி யாருடையது? ஆங்கிலத்தில் எழுதி அதைத் தமிழாக்கினால் வட்டாட்சியர் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். தமிழை முதலில் எழுதுங்கள். சூப்பர்வைசர் தன் ஆட்களிடம் சொல்லும் சொல்லே போதும்: “ஷிஃப்ட்”, “ஓ.டி.”, “இன்டென்ட்”, “கேட் பாஸ்”. இவற்றுக்கெல்லாம் தூய தமிழ் தேடினால் படிக்கிறவர் நின்று யோசிக்க வேண்டிவரும். தமிழ் தெரியாத ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் கணிசமாக இருந்தால், பாதுகாப்பு, சம்பளம், விடுமுறை பற்றிய செய்திகளுக்கு மட்டுமாவது நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர்களிலேயே ஒருவரிடம் வாய்வழி சொல்லி விட்டுவிடும் பழக்கம் இந்த மூன்று விஷயத்திலும் ஆபத்து.

எங்கே ஒட்டுகிறீர்கள்? டைம் ஆஃபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். பஞ்ச் அடித்துவிட்டு ஓடுகிற இடத்தில் யார் நிற்பார்கள்? கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் நடுவே உள்ள சுவருக்கு மாற்றினோம். வரிசையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கும்போது கண் அங்கேதான் போகும். ஏ3 தாள், ஓர் எட்டு தள்ளி நின்றும் படிக்கும் அளவு எழுத்து, ஒரு பக்கம் மட்டும். சி ஷிஃப்ட்காரர்கள் வரும் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் விளக்கு எரிகிறதா என்று ஒரு நாள் இருந்து பாருங்கள். எங்கள் கேன்டீனில் எரியவில்லை. எலெக்ட்ரீஷியன் ஒரு டியூப் லைட் மாட்டினார், அதற்குப் பிறகுதான் இரவு ஷிஃப்டில் இருந்து முதல் கேள்வி வந்தது.

## அறிகுறி 4: பிரிவுகளில் இருந்து செய்தியே வருவதில்லை

“25ஆம் தேதிக்குள் கட்டுரை அனுப்பவும்” என்று மெயில் போட்டால் எதுவும் வராது. வந்தாலும் பிறந்தநாள் பட்டியலும் குரூப் போட்டோவும்தான் வரும். மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ் எழுத்தாளர் இல்லை. ஆனால் பேசச் சொன்னால் அரை மணி நேரம் பேசுவார். ஆகவே எழுதச் சொல்லாமல் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த மாதம் உங்கள் பிரிவில் எது மாறுகிறது? மற்றப் பிரிவுக்காரர்கள் எதைத் தப்பாகச் செய்வதால் உங்களுக்கு வேலை இழுக்கிறது? யாராவது புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார்களா?

இரண்டாவது கேள்விதான் மடலின் உயிர். ஸ்டோர்ஸில் இதைக் கேட்டபோது, அங்கே இருந்த அண்ணன் இரண்டு பேரிங்கை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் 6205. ஒன்றின் இரு பக்கமும் இரும்புத் தகடு, இன்னொன்றில் ரப்பர் சீல். “இன்டென்ட்ல வெறும் 6205னு எழுதிட்டு வந்துடறாங்கம்மா. நான் தகடு போட்டதக் குடுப்பேன். தண்ணி பம்ப்புல மாட்டுவாங்க. தண்ணி உள்ள பூந்து கொஞ்ச நாள்ல கத்த ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டோர்ஸ் மட்டமான சரக்கு வாங்குதுன்னு பேரு.” தண்ணீர் படும் இடத்துக்கு 6205-2RS என்று முழுதாக எழுத வேண்டும், 2RS என்றால் இருபக்கமும் ரப்பர் சீல். இரண்டு பேரிங்கையும் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரே படம், ஐந்து வரி எழுத்து. அதைப் படித்த மெயின்டெனன்ஸ்காரர்கள், “நீங்க கொடுக்கும்போதே எந்த இடத்துக்குன்னு கேட்டா என்ன?” என்று ஸ்டோர்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அடுத்த இதழில் அதையும் போட்டோம். இன்டென்ட் படிவத்தில் “எந்த மெஷின்” என்ற கட்டம் அப்படித்தான் வந்தது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். குறை சொல்லும்போது பிரிவின் பெயர் வரலாம், ஆளின் பெயர் வரக் கூடாது. எதிர்த் தரப்பிடம் அச்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள். இதைச் செய்தும் இரண்டு பிரிவுத் தலைவர்கள் மோதிக்கொண்டால் அது மடலில் தீராது. அவர்களுக்கு மேலே உள்ளவரிடம் கொண்டுபோங்கள், அந்தச் செய்தியை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள்.

## அறிகுறி 5: மடல் போன பிறகு தகராறு வருகிறது

அடிக்கடி வருவது பெயர்த் தவறு. சம்பளப் பட்டியலில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழில் நாமே ஊகித்து எழுதினால் தனபாலன் தானபாலன் ஆவார், இனிஷியல் மாறும். இருபத்தைந்து வருட சேவைக்குப் பாராட்டுப் பெறுகிறவர் அந்த இதழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். அவரிடமே எழுதி வாங்குங்கள். தவறு நேர்ந்துவிட்டால் அடுத்த இதழின் முதல் செய்திக்குக் கீழேயே திருத்தம் போட்டு, சுவரில் ஒட்டிய தாளை அன்றே மாற்றுங்கள்.

அடுத்தது புகைப்படம். ஹெல்மெட் இல்லாமல் நிற்கும் ஆள், மூடி கழற்றிய மெஷின், பின்னணியில் வாடிக்கையாளரின் லேபிள். இந்த மூன்றையும் பாதுகாப்பு அதிகாரியும் விற்பனைப் பிரிவும் ஒரு பார்வை பார்த்தால் பிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு அனுப்ப ஒரு நாள் ஒதுக்குங்கள். விருது பெற்ற குழுவில் கான்ட்ராக்ட் தொழிலாளி இருந்தும் பெயர் விடுபட்டால், அடுத்த மாதம் அந்த லைனில் ஒருவரும் உங்களிடம் பேச மாட்டார்கள். பட்டியலை சூப்பர்வைசரிடம் வாங்கி, லைனில் ஒருவரிடம் “யாராவது விட்டுப்போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நீங்களாக எழுதவே கூடாத செய்திகளும் உண்டு. விபத்து நடந்திருந்தால், விசாரணை முடியும்வரை காரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நடந்தது, காயம்பட்டவரின் குடும்பம் சம்மதித்தால் அவர் நிலை, யாரிடம் கேட்கலாம் என்பது, இவ்வளவு போதும். ஆட்குறைப்பு, யூனியனுடன் பேச்சு, ஒழுங்கு நடவடிக்கை, போனஸ் விகிதம் ஆகியவற்றை ஹெச்.ஆர். தலைவரும் தேவையென்றால் கம்பெனி வக்கீலும் வரிவரியாகப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். போட அனுமதி கிடைக்கவில்லை என்றால், “போனஸ் அறிவிப்பு இந்த இதழில் இல்லை, முடிவானதும் நோட்டீஸ் போர்டில் வரும்” என்று ஒரு வரி போட அனுமதி கேளுங்கள். எல்லோரும் தேடுவதைப் பற்றி மடல் வாயே திறக்காமல் வந்த மாதம் ஒன்று எங்களுக்கு உண்டு. அந்த மாதம் கை கழுவும் இடத்துச் சுவரில் ஒட்டிய தாளை இரண்டாம் நாளே யாரோ கிழித்துவிட்டார்கள். அடுத்த மாதம் அந்த ஒரு வரியை மேலேயே போட்டு ஒட்டினோம். தாள் மாதக் கடைசி வரை அப்படியே இருந்தது.